60 லட்சம் இடைவெளி: பட்டறை வாங்கும்போது எர்ன்-அவுட், எஸ்க்ரோ, தவணை

கேள்வி: "கோவையில் ஒரு சி.என்.சி ஜாப் ஒர்க் பட்டறையை வாங்கப் பேசிக்கொண்டிருக்கிறேன். தனி உரிமையாளர் நிறுவனம், ஆண்டு பில்லிங் 3 கோடி. அவர் 2.40 கோடி கேட்கிறார், எனக்கு 1.80தான் சரி என்று படுகிறது. பாதிக்கு மேல் வேலை ஒரே பம்ப் கம்பெனியிலிருந்து வருகிறது. ஆடிட்டர் எர்ன்-அவுட் போடச் சொல்கிறார், நண்பர் எஸ்க்ரோ என்கிறார், விற்பவர் மீதியைத் தவணையில் கொடுங்கள் என்கிறார். இதில் எது சரி?"

மூன்று பேரும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் மூவரும் வேறு வேறு பிரச்சினைக்கு மருந்து சொல்லியிருக்கிறார்கள். கையில் இன்று முழுப் பணம் இல்லை என்றால் அதற்குத் தவணை. நேற்றுவரை அவர் நடத்திய தொழிலில் தெரியாத பாக்கி ஏதாவது கிளம்புமோ என்ற பயத்துக்கு எஸ்க்ரோ, அதாவது விலையில் ஒரு பகுதியை இருவருக்கும் பொதுவான இடத்தில் நிறுத்தி வைப்பது. நாளை இந்தத் தொழில் எவ்வளவு ஓடும் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இருந்தால் எர்ன்-அவுட், அதாவது ஓடினால் மட்டும் கூடுதல் விலை. உங்களுக்கு மூன்று பிரச்சினையுமே இருக்கலாம். அப்படியானால் மூன்றும் வேண்டும், ஆனால் ஒவ்வொன்றும் தனித் தொகையாக, தனி நிபந்தனையோடு. எல்லாவற்றையும் ஒரே "மீதித் தொகை" ஆக்கி ஒரு பத்தியில் எழுதும் ஒப்பந்தங்களில்தான் பின்னால் சண்டை வருகிறது.

நான் ஆடிட்டர். இப்படிச் சின்னப் பட்டறை, ஏஜென்சி கைமாறும்போது கணக்குப் பார்த்துக் கொடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. ஒப்பந்த வாசகம் எழுதுவது வக்கீல் வேலை, அதில் நான் கை வைப்பதில்லை. எந்தத் தொகை எந்த நிபந்தனையில் நிற்க வேண்டும் என்பதைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் அந்த 60 லட்சம் இடைவெளி எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். நீங்கள் லாபக் கணக்கு தரவில்லை, அதனால் ஒரு மாதிரியாக எடுத்துக்கொள்கிறேன். வட்டி, தேய்மானம், வரிக்கு முன் 72 லட்சம் என்று அவர் புத்தகம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். தனி உரிமையாளர் தனக்குச் சம்பளம் எழுதியிருக்க மாட்டார். ஷெட் அவருடையதே என்றால் வாடகையும் எழுதியிருக்க மாட்டார். நாளை உங்களுக்கு இரண்டும் செலவு. அவர் செய்யும் வேலைக்கு ஒரு மேனேஜர் வைத்தால் ஆண்டுக்கு 8 லட்சம், ஷெட் வாடகை 4 லட்சம், இந்த 12ஐக் கழித்தால் 60 லட்சம். அவர் அதை 4 மடங்காக்கி 2.40 என்கிறார், நீங்கள் 3 மடங்காக்கி 1.80 என்கிறீர்கள். லாபத்தில் உங்களுக்குள் சண்டை இல்லை, மடங்கில்தான் சண்டை. மடங்கில் ஏன் சண்டை என்றால், பம்ப் கம்பெனி கூடவே வரும் என்று அவர் நம்புகிறார், நீங்கள் நம்பவில்லை. இது எதிர்காலத்தைப் பற்றிய கருத்து வேறுபாடு. அதனால் இந்த 60 லட்சத்துக்கு எர்ன்-அவுட்தான் பொருத்தம். தவணை போட்டால், அந்த கம்பெனி போனாலும் நீங்கள் 60 லட்சத்தைக் கட்டியே ஆக வேண்டும்.

நான் இதை இப்படிப் பிரிப்பேன். கையெழுத்து அன்று 1.30 கோடி. எஸ்க்ரோவில் 20 லட்சம். தவணையில் 30 லட்சம், 2 ஆண்டில். இந்த மூன்றும் சேர்ந்து உங்கள் 1.80. அதற்கு மேல் அதிகபட்சம் 60 லட்சம் எர்ன்-அவுட், அதுவும் 2 ஆண்டில். எல்லாம் நன்றாக நடந்தால் அவர் கேட்ட 2.40 அவருக்கு வந்துவிடும்.

தவணை எளிது, சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். இது விற்பவர் உங்களுக்குத் தரும் கடன், அவ்வளவுதான். தொழில் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டும். 30 லட்சத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை 3.75 லட்சமாக 8 தவணை என்று வைத்தால், வட்டி உண்டா இல்லையா என்பதை எழுத்தில் சொல்லிவிடுங்கள். வட்டி இல்லை என்றால், ஆண்டுக்கு 12 சதவீதம் வைத்துப் பார்க்கும்போது அந்த 30 லட்சத்தின் இன்றைய மதிப்பு 26.3 லட்சம்தான். விவரமான விற்பவர் அந்தக் கணக்கைப் போட்டுவிட்டு விலையில் ஏற்றிக் கேட்பார். அவர் பாதுகாப்புக்காகப் பின்தேதியிட்ட காசோலை கேட்பார். தவணைக்குக் கொடுக்கலாம், ஏனென்றால் தொகை நிச்சயமானது. செக் திரும்பினால் செலாவணி முறிச் சட்டத்தின் 138ஆவது பிரிவில் அவர் நோட்டீஸ் அனுப்பலாம், நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் நீங்கள் கட்டாவிட்டால் அது குற்ற வழக்கு. ஆனால் எர்ன்-அவுட்டுக்கு மட்டும் எக்காரணம் கொண்டும் செக் எழுதிக் கொடுக்காதீர்கள். அந்தத் தொகை வருமா வராதா என்பதே இன்னும் முடிவாகவில்லை. 60 லட்சத்துக்குக் கையெழுத்துப் போட்ட செக் அவர் பீரோவில் இருந்தால், எர்ன்-அவுட் கணக்கில் தகராறு வரும் நாளில் பேச்சுவார்த்தை உங்கள் கையில் இருக்காது.

இன்னொரு விஷயம், கொஞ்சம் சங்கடமானது. சின்னத் தொழில் கைமாறும்போது விலையில் ஒரு பகுதியை "கையில்" கேட்பது நம் ஊரில் இருக்கிறது. ஒரே பரிவர்த்தனைக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் என்று வருமான வரிச் சட்டம் சொல்கிறது. அதைவிட உங்களுக்கு முக்கியமானது வேறு. எழுத்தில் வராத பணத்தை எஸ்க்ரோவில் வைக்க முடியாது, பின்னால் பாக்கி கிளம்பினால் அதிலிருந்து கழிக்கவும் முடியாது.

எஸ்க்ரோவுக்கு வருவோம். தனி உரிமையாளர் நிறுவனத்தை வாங்கும்போது பலர், "கம்பெனியையா வாங்குகிறேன், மெஷினும் ஆர்டரும்தானே, அவர் பாக்கி எனக்கு எதற்கு வரும்" என்று நினைக்கிறார்கள். வரும். ஓடும் தொழிலை முழுதாக வாங்கினால், மாற்றிய நாள் வரை செலுத்த வேண்டிய ஜி.எஸ்.டிக்கு விற்றவரும் வாங்கியவரும் சேர்ந்தே பொறுப்பு என்று ஜி.எஸ்.டி சட்டத்தின் 85ஆவது பிரிவு சொல்கிறது. அந்த வரி பின்னால்தான் நிர்ணயிக்கப்பட்டது என்றாலும் இதே கதைதான். பி.எஃப், இ.எஸ்.ஐ பாக்கியிலும் வாங்குபவரைச் சேர்க்கும் ஏற்பாடு சட்டத்தில் இருக்கிறது. பட்டறைகளில் நான் அதிகம் பார்ப்பது இந்த இரண்டைத்தான். பத்துப் பேர் ஹெல்பராக இருப்பார்கள், பாதிப் பேருக்கு பி.எஃப் கட்டியிருக்க மாட்டார்கள். இல்லாவிட்டால், உதிரி பாகம் சப்ளை செய்த யாரோ வரி கட்டாததால் உள்ளீட்டு வரி வரவு மறுக்கப்பட்டு நோட்டீஸ் வரும்.

இதற்கு 20 லட்சத்தை எவ்வளவு நாள் நிறுத்தி வைப்பது? எல்லோரும் வழக்கமாக எழுதுவது 12 அல்லது 18 மாதம். அது பழக்கத்தில் வந்த எண், ஜி.எஸ்.டி கெடுவைப் பார்த்து வைத்தது இல்லை. 2024-25 முதலான ஆண்டுகளுக்கு, ஆண்டு ரிட்டர்ன் கடைசித் தேதியிலிருந்து 42 மாதம் வரை அவர்கள் நோட்டீஸ் தரலாம். 2024-25க்கு ஆண்டு ரிட்டர்ன் கடைசி நாள் 2025 டிசம்பர் 31. அதிலிருந்து 42 மாதம் என்றால் 2029 ஜூன். அவ்வளவு காலம் 20 லட்சத்தை முடக்கி வைக்க எந்த விற்பவரும் சம்மதிக்க மாட்டார், கேட்பதும் நியாயமில்லை. நடுவழி ஒன்று இருக்கிறது. 18 மாதம் முடிந்ததும், அதுவரை எழுந்த கோரிக்கை போக மீதியில் 12 லட்சத்தை விடுவியுங்கள். 8 லட்சம் ஜி.எஸ்.டி கெடு வரை நிற்கட்டும். அப்புறம் பழைய வரி, பி.எஃப் பாக்கிக்கு மட்டும் உச்சவரம்பு இல்லாமல் அவர் தனிப்பட்ட முறையில் பொறுப்பேற்கட்டும். மற்ற குறைகளுக்கு, உதாரணமாக அவர் நன்றாக இருக்கிறது என்று சொன்ன டர்னிங் சென்டரின் ஸ்பிண்டில் மூன்றாம் மாதம் போய்விட்டது என்பது போன்றவற்றுக்கு, 20 லட்சமே உச்சவரம்பு என்று வைக்கலாம். 50 ஆயிரத்துக்குக் குறைந்த கோரிக்கைகள் எழுப்ப மாட்டேன் என்று நீங்களும் ஒத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு பெல்ட்டுக்கும் பேரிங்குக்கும் கடிதப் போக்குவரத்து நடக்கும்.

பணத்தை எங்கே வைப்பது என்பது நடைமுறைக் கேள்வி. முறையான எஸ்க்ரோ என்றால் வங்கி, நீங்கள், அவர் என்று மூன்று பேர் கையெழுத்திடும் ஒப்பந்தம், அதற்கென்று தனிக் கணக்கு. வங்கிகள் இதைச் செய்கின்றன. ஆனால் 20 லட்சத்துக்கு என்று போனால் கிளை மேனேஜர் உற்சாகம் காட்ட மாட்டார், கட்டணமும் தொகைக்குப் பொருந்தாமல் போகலாம். கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் இருவர் பெயரிலும் கூட்டுக் கையெழுத்து நிபந்தனையோடு ஒரு வைப்பு நிதி போடுவது சின்ன வியாபாரங்களில் ஓடுகிற வழி. வட்டி யாருக்கு, அதற்கு வரி யார் கணக்கில் என்பதை எழுதிவிடுங்கள். இதில் பலவீனம் உண்டு. ஒருவர் இறந்துவிட்டாலோ, ஒருவரின் கடன்காரர் கணக்கை முடக்கினாலோ இருவருக்குமே சிக்கல். "வக்கீல் கணக்கில் வைத்துவிடலாம்" என்ற யோசனையும் வரும். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவருடைய சொந்தக் கணக்கில் கலந்து நிற்கும் பணம் அது. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

எந்த வழியில் வைத்தாலும் ஒரு வரி கட்டாயம் வேண்டும்: கெடு தேதிக்குள் வாங்குபவர் எழுத்து மூலம் கோரிக்கை எதுவும் தராவிட்டால், பணம் விற்பவருக்குத் தானாகப் போக வேண்டும். "இருவரும் சம்மதித்தால் விடுவிக்கப்படும்" என்று மட்டும் எழுதினால், நீங்கள் சும்மா இருந்தாலே அவர் பணம் நிற்கும். விற்பவர் பயப்படுவது இதற்குத்தான். அந்தப் பயத்தைப் போக்கினால் 20 லட்சத்துக்கு அவர் சுலபமாக இசைவார். கோரிக்கை தந்தால், கோரிக்கைத் தொகை மட்டும் நிற்க வேண்டும், மீதி போய்விட வேண்டும்.

இனி எர்ன்-அவுட். விவரமாகப் பேச வேண்டியது இதில்தான், ஏனென்றால் எதை வைத்து அளப்பது என்ற ஒரு முடிவில் எல்லாமே அடங்கியிருக்கிறது. முதலில் எல்லோருக்கும் தோன்றுவது லாபம். "லாபம் 60 லட்சத்துக்கு மேல் போனால் அதில் பாதி உங்களுக்கு." கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் விற்ற நாளிலிருந்து கணக்கு எழுதுவது நீங்கள். உங்கள் சம்பளம், புது மெஷின் தேய்மானம், வங்கிக் கடன் வட்டி, உங்கள் இன்னொரு தொழிலின் அலுவலகச் செலவில் ஒரு பங்கு என்று எல்லாம் நேர்மையாகவே எழுதினாலும் லாபம் மறைந்துவிடும். நான் பார்த்த ஒரு தகராறில் வாங்கியவர் ஏமாற்றவே இல்லை. நல்ல எண்ணத்தில் இன்னொரு ஷிப்ட் ஆரம்பித்தார், ஆறு பேரை எடுத்துப் பழக்கினார், முதல் ஆண்டு லாபம் விழுந்தது. பழைய உரிமையாளருக்குக் கிடைத்தது பூஜ்யம். அவர் கண்ணில் அது திருட்டு, இவர் கண்ணில் அது முதலீடு. இரண்டு பேர் சொல்வதும் ஒப்பந்த வாசகத்தில் பொருந்தியது.

அதனால் உங்கள் அளவுத் தொழிலில் லாபத்தை விட்டுவிட்டு பில்லிங்கை வைத்து அளக்கச் சொல்வேன். அதிலும் எல்லா பில்லிங்கும் இல்லை. விற்பனை நாளன்று இணைப்பில் பட்டியலிட்ட பழைய வாடிக்கையாளர்களுடையது மட்டும். அவர் உங்களுக்கு விற்பது அந்த உறவுகளைத்தான். நீங்கள் நாளை புதிதாகப் பிடிக்கும் வாடிக்கையாளருக்கு அவருக்கு ஏன் பங்கு? பில்லிங்கின் இன்னொரு வசதி, இருவருமே வெளியிலிருந்து சரிபார்க்கலாம். ஜி.எஸ்.டி.ஆர்-1 ரிட்டர்னில் ஒவ்வொரு வாடிக்கையாளரின் ஜி.எஸ்.டி எண்ணுக்கும் பில் வாரியாகத் தொகை இருக்கும். கம்பெனிகள் ஜாப் ஒர்க் கூலியில் டி.டி.எஸ் பிடித்தால், அது வருமான வரித் துறையின் டி.டி.எஸ் பதிவில் வாடிக்கையாளர் வாரியாகத் தெரியும். நீங்கள் எழுதும் லெட்ஜரை அவர் நம்ப வேண்டிய அவசியமே இல்லை.

பில்லிங் என்று சொன்னால் போதாது, என்ன கழிக்க வேண்டும் என்றும் சொல்ல வேண்டும். ஜி.எஸ்.டி போக. ரிஜெக்‌ஷனுக்காக கம்பெனி போடும் டெபிட் நோட் போக. பில் தேதியிலிருந்து 90 நாளுக்குள் பணம் வராதவை போக. பின்னால் வந்தால் அப்போது சேர்த்துக்கொள்ளலாம். இதெல்லாம் பலரும் எழுதுவார்கள். பலர் விட்டுவிடுவது ஒன்று இருக்கிறது. இப்போது கம்பெனி வார்ப்பைக் கொடுத்து நீங்கள் மெஷினிங் கூலி மட்டும் பில் போடுகிறீர்கள். நாளை அதே கம்பெனி, "வார்ப்பையும் நீங்களே ஃபவுண்டரியில் வாங்கி, முடித்த பொருளாகக் கொடுங்கள்" என்று சொல்லலாம். ஒரு பாகத்துக்கு 80 ரூபாய் பில் போட்ட இடத்தில் 300 ரூபாய் பில் வரும். உங்கள் வருமானம் ஏறக்குறைய அதேதான், பில்லிங் மட்டும் நான்கு மடங்கு கிட்ட. வேலை கூடாமலேயே எர்ன்-அவுட் உச்சத்தைத் தொட்டுவிடும். அதனால் "மூலப்பொருள் மதிப்பைக் கழித்த பிறகு" என்ற நாலு வார்த்தை கட்டாயம் வேண்டும்.

எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு. அவர் கைமாற்றத்துக்காக ஆறு மாதம் உங்களோடு இருந்தால், பில்லிங்கை ஏற்ற கூலியைக் குறைத்து ஆர்டர் பிடிக்கலாம். ரேட் கொட்டேஷனில் உங்கள் கையெழுத்து மட்டுமே செல்லும் என்று வைத்துவிட்டால் அந்தப் பிரச்சினை தீர்ந்தது. அவருக்கும் ஒரு பாதுகாப்பு கொடுங்கள். பட்டியலில் உள்ள வாடிக்கையாளரின் வேலையை உங்கள் பெயரிலோ உறவினர் பெயரிலோ உள்ள வேறு யூனிட்டுக்குத் திருப்பினால், அதுவும் கணக்கில் சேரும். அந்த 2 ஆண்டுக்குள் நீங்கள் பட்டறையை விற்றாலோ மூடினாலோ என்ன ஆகும் என்பதும் எழுத்தில் வர வேண்டும்.

இப்போது எண்கள். இந்த வரையறையின்படி இன்றைய பில்லிங் ஆண்டுக்கு 3 கோடி என்று கொள்வோம். 2.70 கோடிக்குக் கீழே ஒன்றும் இல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு லட்சத்துக்கும் 50 ஆயிரம். 3.30 கோடியில் உச்சவரம்பு, அதாவது ஆண்டுக்கு 30 லட்சம். "3 கோடி தொட்டால் 30 லட்சம், தொடாவிட்டால் ஒன்றுமில்லை" என்று படிக்கட்டு மாதிரி வைக்காதீர்கள். 2.99 கோடியில் மார்ச் மாதம் நிற்கும்போது இரண்டு தரப்பும் பில்லை முன்னே பின்னே தள்ள ஆரம்பிப்பார்கள்.

முதல் ஆண்டு பில்லிங் 3.06 கோடி வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2.70க்கு மேல் 36 லட்சம், எனவே அவருக்கு 18 லட்சம். இரண்டாம் ஆண்டு பம்ப் கம்பெனி ஒரு பாகத்தை வேறு வெண்டருக்கு மாற்றியது, 2.64 கோடிதான் வந்தது, அதனால் பூஜ்யம். ஆண்டுக்கு ஆண்டு தனியாகக் கணக்குப் போட்டால் மொத்தம் 18 லட்சம். இரண்டு ஆண்டையும் சேர்த்துப் போட்டால் 5.70 கோடி, தொடக்க அளவு 5.40, மேலே 30 லட்சம், அவருக்கு 15 லட்சம். இந்த உதாரணத்தில் வித்தியாசம் 3 லட்சம்தான். ஆனால் முதல் ஆண்டு 2.50, இரண்டாம் ஆண்டு 3.20 என்று வந்தால் அதே 5.70க்குத் தனித்தனிக் கணக்கில் 25 லட்சம், சேர்த்த கணக்கில் 15 லட்சம். ஒரு மாத ஆர்டர் மார்ச்சில் விழுகிறதா ஏப்ரலில் விழுகிறதா என்பதே விலையை மாற்றிவிடக் கூடாது. அதனால் சேர்த்த கணக்கே மேல். ஆனால் விற்பவரை 2 ஆண்டு வெறும் கையோடு காக்க வைப்பதும் சரியில்லை. முதல் ஆண்டுக் கணக்கில் பாதியை முன்பணமாகக் கொடுத்துவிட்டு, கடைசியில் நேர்செய்யுங்கள். மேலே சொன்ன முதல் உதாரணத்தில் முதல் ஆண்டு முடிவில் 9 லட்சம், இறுதியில் 6 லட்சம். கொடுத்த 9ஐவிடக் குறைவாக முடிந்தால் திருப்பிக் கேட்பதில்லை என்று விட்டுவிடலாம்.

இந்த அமைப்பில் நீங்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பில்லிங் ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை, 2 ஆண்டும் 3 கோடியிலேயே இருந்தால் எர்ன்-அவுட் 30 லட்சம், மொத்த விலை 2.10 கோடி. இடைவெளியின் சரிபாதி. "இருப்பது அப்படியே இருந்தாலும் 1.80க்கு மேல் முடியாது" என்று நீங்கள் உறுதியாக இருந்தால் தொடக்க அளவை 3 கோடியில் வையுங்கள், உச்சவரம்பை மேலே நகர்த்துங்கள், அவரோடு நேராகப் பேசுங்கள். வராது என்று மனதில் நினைத்துக்கொண்டு எர்ன்-அவுட்டுக்குச் சரி சொல்லாதீர்கள். அந்தத் தொகையைக் கொடுக்க நேரும் நாளில் உங்களிடம் பணம் இருக்குமா என்றும் போட்டுப் பாருங்கள். முதல் நாள் தேவைப்படும் 1.50 கோடியில் 80 லட்சம் வங்கிக் கடன், 11 சதவீதம், 5 ஆண்டு என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 21 லட்சம் கட்ட வேண்டும். தவணை 15 லட்சம். ஆண்டு லாபம் 60 லட்சத்தில் இந்த இரண்டும் போக மீதி 24, அதில் வரியும் மெஷின் பழுதும். அதற்குள் 9 லட்சம் முன்பணம் அடங்கும். எர்ன்-அவுட் லாபத்தோடு கட்டப்படவில்லை என்பதால், கூலி குறைந்து பில்லிங் ஏறினால் இந்தக் கணக்கு இறுகும்.

எர்ன்-அவுட்டில் தகராறு வந்தால் என்ன செய்வது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். ஆண்டு முடிந்து 45 நாளுக்குள் நீங்கள் கணக்கு தர வேண்டும், அவர் 30 நாளுக்குள் ஆட்சேபம் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அதுவே இறுதி. ஆட்சேபம் சொன்னால் இருவருக்கும் சம்பந்தமில்லாத ஓர் ஆடிட்டர் எண்ணை மட்டும் தீர்மானிப்பார். தகராறு இல்லாத பகுதியை உடனே கொடுத்துவிட வேண்டும். பழைய பாக்கி கிளம்பினால் அதை எர்ன்-அவுட்டிலோ தவணையிலோ கழித்துக்கொள்ளும் உரிமை உங்களுக்கு வேண்டுமென்றால் தெளிவாக எழுதுங்கள். அவர் எதிர்ப்பார். அவர் ஒப்புக்கொண்ட அல்லது அதிகாரி உத்தரவு போட்ட தொகையை மட்டும் கழிக்கலாம், மற்றதை எஸ்க்ரோவில் போட வேண்டும் என்பது இரண்டு பேரும் ஏற்கக்கூடிய நடுநிலை.

வரியில் எது உறுதி, எது இழுபறி என்று பிரித்துச் சொல்கிறேன். ஓடும் தொழிலை முழுதாக மாற்றுவதற்கு ஜி.எஸ்.டி இல்லை, இது உறுதி. மீதமுள்ள உள்ளீட்டு வரி வரவை ஐ.டி.சி-02 படிவம் மூலம் உங்கள் எண்ணுக்கு மாற்றிக்கொள்ளலாம், இதுவும் உறுதி. இழுபறி எர்ன்-அவுட்டில். வருமா என்று தெரியாத தொகைக்கு அவர் விற்ற ஆண்டிலேயே வரி கட்ட வேண்டுமா? நிச்சயமில்லாத தொகை கிடைக்கும் உரிமை உண்டாகும்வரை வரி இல்லை என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2016இல் ஒரு பங்கு விற்பனை வழக்கில் சொன்னது. அதற்கு முன் டெல்லி உயர் நீதிமன்றம் வேறொரு வழக்கில், பின்னால் வரும் தவணைகளும் விற்ற ஆண்டுக்கே சேரும் என்ற பக்கம் போனது. ஒட்டுமொத்தத் தொழில் விற்பனைக்கு நியாய மதிப்புக் கணக்கு வேறு தனியாக இருக்கிறது. 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்களும் வேறு. அவருடைய ஆடிட்டர் இதை முன்கூட்டியே பார்க்கட்டும். இல்லாவிட்டால் வராத பணத்துக்கு வரி கட்டினேன் என்று அவர் உங்களிடம்தான் வருவார். இன்னொன்று, "அவர் வேலையில் நீடித்தால்தான் எர்ன்-அவுட்" என்று எழுதினால் அதைச் சம்பளம் என்று துறை வாதிட இடம் இருக்கிறது. அவர் நீடிப்பதற்குத் தனியாக மாதச் சம்பளம் கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக, உங்கள் விஷயத்தில் எர்ன்-அவுட்டுக்கே முந்திய ஒரு வேலை இருக்கிறது. தனி உரிமையாளர் நிறுவனம் என்பதால் ஜி.எஸ்.டி பதிவு உங்கள் பெயரில் புதிதாக எடுக்க வேண்டும். பம்ப் கம்பெனியின் கணினியில் வெண்டர் கோடு பழைய ஜி.எஸ்.டி எண்ணோடு கட்டப்பட்டிருக்கும். புது எண்ணுக்குப் புது கோடு, சில இடங்களில் புது தரத் தணிக்கை, மாதிரி பாக ஒப்புதல் என்று ஓரிரு மாதம் போகலாம். அந்த மாதங்களில் பில் போட முடியாது. போட்டால் பழைய பெயரில் போட வேண்டியிருக்கும், அது வேறு வம்பு. அதனால் விற்பவரையும் அழைத்துக்கொண்டு அந்த கம்பெனியின் கொள்முதல் மேனேஜரை முன்கூட்டியே பாருங்கள். புது வெண்டர் கோடு தருவதாக அவர்கள் எழுதிய மின்னஞ்சல் வருவதை, 1.30 கோடி கைமாறுவதற்கு முன்நிபந்தனையாக வையுங்கள். அவர்கள் மறுத்தாலோ இழுத்தடித்தாலோ, மேலே சொன்ன எந்த அமைப்பும் வேண்டாம், அந்த கம்பெனியின் பில்லிங்கைக் கழித்துவிட்டு 1.80 என்பதையே திரும்பப் பேசுங்கள்.